ஒரு வெள்ளி ரூபாய்க்கு ஏழு படங்கள்: எங்கள் கடையின் அறிவிப்பு

எங்கள் சின்னஞ்சிறு இணையக் கடையில் பழைய இந்திய நாணயங்கள் விற்கிறோம். அதிகமும் பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா ராணி தலை, எட்வர்ட் தலை, இரண்டு ஜார்ஜ் தலைகள். வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் விலைக்கு முன்னால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது ஒரிஜினல்தானா?"

"ஆமாம், நூறு சதவீதம் ஒரிஜினல்" என்று சொல்வது சுலபம். போலி விற்பவரும் அதையேதான் சொல்வார். அதனால் இனிமேல் நாங்கள் விற்கும் ஒவ்வொரு வெள்ளி ரூபாய்க்கும் ஏழு படங்கள் தருவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஆறு படங்கள் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கும். ஏழாவது, நீங்கள் ஆர்டர் கொடுத்த பிறகு எடுத்து அனுப்புவது. ஒவ்வொரு படமும் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்காது என்று தெரிந்தால்தான் அது உங்களுக்குப் பயன்படும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் இரண்டு படங்கள்: முன்பக்கமும் பின்பக்கமும்

காசுப் படம் எல்லாரும் போடுவதுதானே என்று தோன்றும். ஆனால் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரே காசு இரண்டு விதமாகத் தெரியும். நேர் மேலிருந்து பரவலாக வெளிச்சம் விழுந்தால் கீறல்கள் மறைந்துவிடும். காசு பளிச்சென்று புதுசு போல இருக்கும். விளக்கைக் கீழே இறக்கிச் சாய்வாக அடித்தால் ஒவ்வொரு கீறலும், ஒவ்வொரு தேய்மானமும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். நாங்கள் சாய்வு வெளிச்சத்தில்தான் எடுக்கிறோம். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் விளக்கு பத்து மணி பக்கத்தில் இருக்கும். பின்னணி வெள்ளைத் தாள் இல்லை, சாம்பல் நிறத் தாள். வெள்ளைத் தாளில் வைத்தால் செல்போன் கேமரா குழம்பி, வெள்ளியின் நுணுக்கங்களை வெளிறடித்துவிடுகிறது அல்லது இருட்டடித்துவிடுகிறது.

இந்தப் படத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது எழுத்துகளின் ஓரத்தை. ஆலையில் அச்சு வைத்து அழுத்திய காசில் எழுத்துகள் தரையிலிருந்து செங்குத்தாக எழும். ஓரம் கூர்மையாக இருக்கும். ஒரிஜினல் காசிலிருந்து அச்சுப் பதித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி வார்த்த போலியில் எழுத்துகள் உருகிய மெழுகைப் போல மழுங்கியிருக்கும். வெறும் தரைப்பகுதியில் ஊசி முனை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஊற்றும்போது காற்று மாட்டிக்கொண்ட இடங்கள் அவை. நன்றாகத் தேய்ந்த ஒரிஜினலும் மழுங்கித்தானே இருக்கும் என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் தேய்மானம் உயரமான இடங்களில்தான் தொடங்கும்: ராணியின் கன்னம், காதுக்கு மேல் முடி, கிரீடத்தின் மேடுகள். தாழ்ந்த இடங்களில், எழுத்துகளின் அடிவாரத்தில், கூர்மை மிச்சமிருக்கும். வார்ப்புப் போலியில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும்.

சாய்வு வெளிச்சம் இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். நம் வீடுகளில் வெள்ளிச் சாமான்களை விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். அப்படித் தேய்த்த காசு நேர் வெளிச்சத்தில் அழகாக மின்னும். சாய்வு வெளிச்சத்தில் பரப்பு முழுக்க மயிரிழைக் கோடுகளாகத் தெரியும். அது போலி இல்லை. ஆனால் சேகரிப்பாளர் தரும் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். அதை மறைத்து விற்பதும் ஒரு வகைப் பொய் என்று நாங்கள் நினைக்கிறோம். எங்கள் படங்களில் அந்தக் கோடுகள் தெரியும்.

மூன்றாவது படம்: விளிம்பு

வாங்குபவர்கள் அதிகம் கேட்காத படம் இது. எனக்கு மிக முக்கியமான படமும் இதுதான். காசைச் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் நான்கு இடங்களில் எடுத்து ஒரே படமாகச் சேர்த்துத் தருகிறோம்.

வெள்ளி ரூபாயின் விளிம்பில் சுற்றிலும் நெருக்கமாகப் பற்கள் இருக்கும். ஒரிஜினலில் அவை ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில், முழு வட்டமும் ஓடும். வார்ப்புப் போலியில் அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அதை அரம் போட்டு அழித்திருப்பார்கள். அழித்த இடத்தில் பற்கள் தட்டையாகிவிடும், அல்லது அரத்தின் குறுக்குக் கீறல் தெரியும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அழகாகச் செய்யத் தெரிந்தவர்கள்கூட விளிம்பில் வந்து தடுக்கி விழுகிறார்கள்.

1940-களின் ரூபாய்களில் விளிம்பே ஒரு சாட்சி. 1940-ல் ரூபாயின் வெள்ளி அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பின் பற்களுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும்படி செய்தார்கள். பாதுகாப்பு விளிம்பு என்று அதைச் சொல்வோம். அந்த வகை ரூபாயில் பள்ளம் இல்லாமல் வெறும் பற்கள் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

விளிம்பு சொல்லும் இன்னொரு கதை காசுமாலை. நம் பக்கத்தில் வெள்ளி ரூபாய்க்குக் காது வைத்து மாலையில் கோத்தும், டாலராகவும் போட்டிருக்கிறார்கள். பின்னால் அந்தக் காதை வெட்டி எடுத்து, பற்றவைத்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, மறுபடியும் காசாக விற்பார்கள். முன்பக்கப் படத்தில் அது தெரியவே தெரியாது. விளிம்பில் தலைக்கு மேலே பன்னிரண்டு மணி இடத்தில் பற்கள் இல்லாமல் ஒரு சின்னத் திட்டு இருந்தால் அங்கே ஒரு காலத்தில் காது இருந்தது என்று பொருள்.

நான்காவது, ஐந்தாவது படங்கள்: எடை, தண்ணீருக்குள் எடை

1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தபோது அதன் எடையை 180 கிரெயின் என்று வைத்தார்கள். அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. கம்பெனி போய் ராணி வந்தாலும், ராணி போய் ராஜாக்கள் வந்தாலும், இரண்டாம் உலகப் போர் தொடங்கும்வரை இந்த அளவு மாறவில்லை. அதனால் ஒரு வெள்ளி ரூபாயைத் தராசில் வைத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். புழங்கித் தேய்ந்த காசு 11.5 கிராமுக்குப் பக்கத்தில் காட்டலாம். 10.8 காட்டினால் யோசிக்க வேண்டும். 12-ஐத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம்.

நான்காவது படத்தில் காசு தராசின் மேல் இருக்கும். எண் தெளிவாகத் தெரியும். "உங்கள் தராசு சரியென்று எப்படி நம்புவது?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதே சட்டகத்துக்குள், அதே தராசில், 20 கிராம் எடைக்கல் வைத்த படத்தையும் ஒட்டித் தருகிறோம். தராசு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டுவது. சமையலறைத் தராசு இதற்கு உதவாது.

எடை மட்டும் போதாது. பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசி, கொஞ்சம் தடிமனைக் கூட்டி, சரியாக 11.66 கிராம் வரும்படி செய்வது பெரிய வித்தை இல்லை. அதனால்தான் ஐந்தாவது படம்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதிக்குத் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குகிறோம். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுகிறோம். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. காற்றில் எடுத்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி வந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கணக்குதான்.

ஓர் உதாரணம். காற்றில் 11.60 கிராம் இருக்கும் ஒரு ரூபாய் தண்ணீரில் 1.12 காட்டுகிறது. வகுத்தால் 10.36. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் மீதி செம்பும் கலந்த உலோகத்துக்குக் கணக்குப்படி வர வேண்டியது சுமார் 10.3. பொருந்துகிறது. அதே 11.60 கிராம் எடையில் முலாம் பூசிய பித்தளையாக இருந்தால் தண்ணீரில் 1.36 அளவுக்குக் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்ததாக இருந்தால் 1.30. பாதி வெள்ளி உள்ள 1940-களின் உலோகம் 1.22. இந்த எண்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருப்பதால் படத்தைப் பார்த்து நீங்களே வகுத்துப் பார்க்கலாம். எங்கள் வார்த்தையை நம்பத் தேவையில்லை.

இதிலும் தவறு நடக்க வழி உண்டு. காசின் மேல் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் எடை கூடும். நல்ல வெள்ளியும் மட்டமாகத் தெரியும். அதனால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, குமிழி இல்லை என்று தெரிகிற மாதிரி தம்ளரின் பக்கவாட்டிலிருந்து எடுக்கிறோம். தராசு நூறில் ஒரு பங்கு கிராம் முன்பின் காட்டினாலே அடர்த்தி 0.1 வரை மாறும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆகவே பழைய ரூபாயின் வெள்ளியையும் இன்றைய நகைக்கடை 92.5 வெள்ளியையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. இன்று யாராவது நல்ல வெள்ளியிலேயே போலி அடித்தால் அது ஐந்தாவது படத்தில் தேறிவிடும். அதை முதல் மூன்று படங்களும் அடுத்ததும்தான் பிடிக்க வேண்டும்.

ஆறாவது படம்: ஆண்டு எண், மிக அருகில்

இந்தப் படம் ஏன் தேவை என்பதற்கு ஒரு காசின் கதையைச் சொல்கிறேன்.

ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்களில் 1938 சாதாரணமாகக் கிடைக்கும். 1939 கிடைப்பது மிக அரிது. பழைய அளவு வெள்ளியில் அடித்த கடைசி ஆண்டு அது. அதனால் விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 8-ஐ 9 ஆக்கிவிட்டால் போதும் என்ற ஆசை எங்கே பிறக்கும் என்று இதிலிருந்தே தெரியும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி எங்களிடம் ஒரு 1939 ரூபாயை விற்கக் கொண்டுவந்தார். "எங்க தாத்தா பொட்டியில இருந்தது தம்பி, நாப்பது வருசமா யாரும் தொடல" என்றார். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்கம்போல ஒவ்வொரு படமாக எடுத்தோம். எழுத்துகள் கூர்மை. விளிம்பில் பற்கள் சீராக, முழு வட்டம். எடை 11.62. தண்ணீரில் 1.12, அடர்த்தி 10.37. ஐந்து படங்களிலும் தேறியது.

தேறாமல் எப்படி இருக்கும்? அது ஆலையில் அடித்த ஒரிஜினல் 1938 ரூபாய். மாறியிருந்தது ஒரே ஓர் இலக்கம்.

மேக்ரோ லென்ஸ் போட்டு ஆண்டு எண்ணை மட்டும் எடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. 1939 என்ற எண்ணில் ஒரு வசதி இருக்கிறது: அதில் இரண்டு 9 உண்டு. இரண்டும் ஒரே பாணியில் இருக்க வேண்டும். அண்ணாச்சியின் காசில் முதல் 9-இன் தலை வட்டம் பெரிதாக, கொழுத்து இருந்தது. கடைசி 9-இன் தலை சின்னதாக இருந்தது. 8 என்ற எண்ணுக்கு மேல் வட்டம் எப்போதும் சின்னது, கீழ் வட்டம் பெரிது. கீழ் வட்டத்தின் இடது பக்கத்தைச் செதுக்கி எடுத்துவிட்டால் 9 போல ஒரு வடிவம் கிடைக்கும். ஆனால் சின்னத் தலை மாறாது. அடுத்து, செதுக்கிய இடத்தில் தரை. விளக்கை இன்னும் தாழ்த்திச் சாய்த்து எடுத்ததில் எண்ணின் இடது கீழ்ப்புறம் மட்டும் லேசாகக் குழிந்து, மெல்லிய சுரண்டல் கோடுகளோடு தெரிந்தது. சுற்றியுள்ள தரையில் பல காலம் படிந்த சாம்பல் நிறம் அந்த இடத்தில் மட்டும் வெளிறியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கி அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்ப தாத்தாவ யாரோ ஏமாத்திருக்கான்" என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தக் காசை நாங்கள் வாங்கவில்லை. அந்த ஆறாவது படத்தை மட்டும் அவருடைய செல்போனுக்கு அனுப்பிவைத்தேன். அடுத்து யாரிடம் அதை எடுத்துப் போனாலும், அது என்ன என்று தெரிந்தே போகட்டும் என்பதற்காக.

அன்றிலிருந்து ஆண்டு எண்ணின் நெருக்கப் படம் இல்லாமல் எந்த ரூபாயையும் பட்டியலில் ஏற்றுவதில்லை. அரிய ஆண்டு, சாதாரண ஆண்டு என்ற பாகுபாடும் இல்லை. சாதாரண ஆண்டுகளின் படம் கையில் இருந்தால்தான் அரிய ஆண்டை எதோடு ஒப்பிடுவது என்று தெரியும்.

ஏழாவது படம்: உங்கள் சீட்டோடு

மேலே சொன்ன ஆறும் காசைப் பற்றியவை. அந்தக் காசு எங்களிடம்தான் இருக்கிறது, அதையேதான் உங்களுக்கு அனுப்புகிறோம் என்பதற்கு அவை சாட்சி ஆகா. நல்ல காசின் படத்தை வேறொரு கடையிலிருந்து எடுத்துப் போட்டு, மட்டமான காசை அனுப்புவது இந்தத் தொழிலில் நடக்கிற மோசடி. அதற்குத்தான் ஏழாவது படம். ஆர்டர் கொடுக்கும்போது நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெயர், குலதெய்வத்தின் பெயர், எதுவானாலும். அதையும் அன்றைய தேதியையும் ஒரு சீட்டில் கையால் எழுதி, காசை அந்த எழுத்தின் மேல் பாதி மறைத்து வைத்துப் படம் எடுத்து அனுப்புவோம். காசின் நிழல் எழுத்தின் மேல் விழும்படி வைப்போம். பிற்பாடு ஒட்டிச் சேர்த்த படத்தில் அந்த நிழலைச் சரியாகக் கொண்டுவருவது கடினம். காசைத் திருப்பிக் காட்டும் சின்ன வீடியோவும் கூடவே வரும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். நுணுக்கமான கீறல்கள் காணாமல் போகும். அதனால் டாக்குமெண்டாக அனுப்புகிறோம். பெரிதாக்கிப் பார்க்க அதுதான் சரி. படக் கோப்புக்குள் எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். ஆனால் அதைத் திருத்த முடியும் என்பதால் அதை நாங்கள் ஆதாரமாகச் சொல்வதில்லை. கையால் எழுதிய சீட்டைத்தான் சொல்கிறோம்.

காசு கைக்கு வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது

காசு ஒளி ஊடுருவும் உறையில், ஓரம் ஒட்டப்பட்டு வரும். உறையைப் பிரிக்காதீர்கள். முதல் இரண்டு படங்களைத் திறந்து, அவற்றில் மூன்று அடையாளங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கன்னத்தில் ஒரு வெட்டு, ஓர் எழுத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி, தரையில் ஒரு நீளக் கீறல் என்று ஏதாவது மூன்று. காசைச் சாய்வு வெளிச்சத்தில் பிடித்து அந்த மூன்றும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். புழங்கிய இரண்டு காசுகளில் கீறல்கள் ஒன்றுபோல விழ வாய்ப்பில்லை. மூன்றும் பொருந்தினால் படத்தில் இருந்ததும் கையில் இருப்பதும் ஒரே காசு.

இந்த ஒப்பீடு வேறொரு வகையிலும் உதவும். சில போலிகள் ஒரு ஒரிஜினலிலிருந்து அச்சு எடுத்து, வார்க்காமல் அழுத்தியே செய்யப்படுகின்றன. எழுத்து கூர்மையாக இருக்கும், எடையும் சரியாக இருக்கும். ஆனால் அந்த ஒரிஜினலில் இருந்த வெட்டும் கீறலும் அச்சில் ஏறி, அதில் அடித்த எல்லாக் காசுகளிலும் அதே இடத்தில் வந்துவிடும். வெவ்வேறு இடங்களில் விற்பனைக்கு வந்த இரண்டு காசுகளில் ஒரே கீறலைப் பார்த்தால் ஒன்றாவது போலி. பெரும்பாலும் இரண்டுமே போலி. அதனால் நாங்கள் விற்ற காசுகளின் படங்களை அழிக்காமல் வைத்திருக்கிறோம். புதிதாக ஒரு காசு வந்தால் அதே ஆண்டின் பழைய படங்களோடு ஒப்பிட்ட பிறகே பட்டியலில் ஏற்றுகிறோம். நீங்களும் உங்களிடம் உள்ளவற்றைப் படமெடுத்து வையுங்கள்.

படத்தில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. மிகத் திறமையாக, சரியான வெள்ளியில், புதிய அச்சு வெட்டிச் செய்த போலியைப் படத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காசைக் கையில் வாங்கி, பல வருடம் பார்த்துப் பழகிய கண்ணோடு ஆராய வேண்டும். அதனால் விலை அதிகமான அரிய ஆண்டுகளை எங்கள் படத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்று நாங்களே சொல்கிறோம். வந்த காசை உங்களுக்கு நம்பிக்கையான ஒரு நாணயவியலாளரிடம் காட்டுங்கள். அதற்காக முப்பது நாள் தருகிறோம். உறை பிரிக்காமல், படத்தில் உள்ள மூன்று அடையாளங்களோடு காசு திரும்பி வந்தால் முழுப் பணமும், இரு பக்க அஞ்சல் செலவும் எங்களுடையது. அவர் காசு போலி என்று சொன்னால், எதை வைத்துச் சொன்னார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்த அடையாளத்தைப் படத்தோடு எங்கள் பக்கத்தில் வெளியிடுவோம். அடுத்து வாங்குபவர் அதையும் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

பிறகு உறையிலிருந்து எடுத்தாலும் காசைத் தேய்க்க மட்டும் வேண்டாம். கறுத்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். அந்தக் கறுப்புதான் ஆண்டு எண்ணைச் சுற்றி யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் அத்தாட்சி.